பாடப் பதிவுக் கோப்பு: வடிவம், அளவு, பெயர்

பதிவு செய்த பாடங்களை ஒப்படைக்கச் சொல்லி, பள்ளியின் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் ஆசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கோப்பின் வடிவம் இன்னது, அளவு இவ்வளவு, பெயர் இப்படி என்று மூன்று விதிகள் இருக்கும். கீழே கடைசி நாள் இருக்கும். ஏன் அப்படி என்ற விளக்கம் மட்டும் இராது. தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் அத்தகைய கடிதம் ஏறத்தாழ இப்படி அமையும்:

> ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். பதிவுப் பாடங்களை `.mp4` கோப்பாக மட்டும் தரவும். காணொளி `H.264`, ஒலி `AAC` ஆக இருக்க வேண்டும். படம் `1280x720`, வினாடிக்கு 30 ஃபிரேம். காணொளிக்கு 800 கிலோபிட், ஒலிக்கு 64 கிலோபிட். 40 நிமிடப் பாடம் 300 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. கோப்பின் பெயர் `10A_SCI_U04_P02_2024-07-05_v1.mp4` என்ற முறையில் இருக்கட்டும். மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். பள்ளியின் பகிர்வுக் கோப்புறையில் ஏற்றவும்.

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கணக்கோ ஒரு கருவியின் வரம்போ இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் நான்காம் அலகு மின்னோட்டவியல். அதை ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் நடத்த, முக்காலியில் பொருத்திய கைபேசி 40 நிமிடம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கோப்பைப் பின்தொடர்ந்தே விதிகள் மூன்றையும் பார்த்துவிடலாம்.

உறை வேறு, உள்ளடக்கம் வேறு

ஒரு காணொளிக் கோப்பின் பெயரில் கடைசியாக வரும் `.mp4`, `.mov`, `.mkv` போன்றவை வெளி உறையைத்தான் சொல்கின்றன. அதனுள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனிச் செய்தி. டிபன் கேரியரைப் பார்த்து உள்ளே இருப்பது சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். கடிதம் உறைக்கு ஒரு பெயரும் உள்ளே இருப்பவற்றுக்கு இரண்டு பெயர்களும் சொல்வது இதனால்தான்.

எச்.264 என்பது 2003-இல் வெளியான தரநிலை. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த கைபேசிகள், மடிக்கணினிகள், ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு சுற்று சில்லுக்குள் இருக்கிறது. அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த எச்.265 அதே படத்தை இன்னும் குறைந்த இடத்தில் அடக்கும். அப்படியிருக்க, ஒருங்கிணைப்பாளர் ஏன் பழையதைக் கேட்கிறார்? பார்க்கப்போவது மாணவர்கள் என்பதுதான் விடை. வீட்டில் இருக்கும் பழைய கைபேசியில் எச்.265 கோப்பைத் திறந்தால் பல சமயம் ஒலி மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். அல்லது படம் நின்று நின்று ஓடும். இடம் மிச்சமாவதைவிட எல்லோரிடமும் ஓடுவது முக்கியம் என்ற முடிவுக்குத்தான் எச்.264 என்று பெயர். அது சரியான முடிவும்கூட.

இந்த விதி அதிகம் உடைவது ஐபோனில். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், அதற்கு ஈடுகொடுக்கும் ஐபோன்கள் தாமாகவே எச்.265 முறையில், `.mov` உறையில் பதிவு செய்கின்றன. ஆசிரியர் இதைக் கவனிக்காமல் கோப்பின் கடைசி மூன்று எழுத்துகளை `mov` என்பதிலிருந்து `mp4` என்று மாற்றி அனுப்பிவிடுவார். பெயர் மாறும், உள்ளே ஒரு பைட்டும் மாறாது. உறை மாறினாலும் கோடெக் தானாக மாறாது. பதிவு செய்வதற்கு முன்பே கைபேசியின் அமைப்புகளில் `Camera > Formats > Most Compatible` என்பதைத் தேர்ந்துவிட்டால் எச்.264 கிடைக்கும். ஏற்கெனவே பதிவானதை மாற்றி எழுதத்தான் வேண்டும்.

உள்ளே இருப்பதை அறிய எளிய வழி விஎல்சி செயலி. கோப்பைத் திறந்து `Tools > Codec Information` பக்கத்துக்குப் போனால் காணொளியின் கோடெக், ஒலியின் கோடெக், படத்தின் அகல உயரம், ஃபிரேம் எண்ணிக்கை எல்லாம் வரிசையாகத் தெரியும். அங்கே `H264 - MPEG-4 AVC (part 10)` என்று இருந்தால் சரி. `HEVC` என்ற சொல் தென்பட்டால் அது எச்.265.

எம்பி4 உறைக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த ஃபிரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதற்குள் இருக்கும். `moov` என்பது அதன் பெயர். பதிவு முழுதும் முடிந்தபின்தான் கருவி அந்த அட்டவணையை எழுத முடியும். 38-ஆம் நிமிடத்தில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலோ கைபேசியின் பேட்டரி தீர்ந்தாலோ, வட்டில் பல நூறு மெகாபைட் கிடந்தும் கோப்பு திறக்காது. கணினித் திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் பயன்படுத்துவோர் முதலில் `.mkv` ஆகப் பதிவு செய்து, முடிந்தபின் அந்த மென்பொருளிலேயே உள்ள `Remux Recordings` மூலம் `.mp4` ஆக்கிக்கொள்வது இதற்காகத்தான். எம்கேவி உறை பாதியில் அறுந்தாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். உறையை மட்டும் மாற்றும் இந்த வேலையில் படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை. ஆகவே தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது.

300 மெகாபைட் எங்கிருந்து வந்தது

அளவு விதிதான் ஆசிரியர்களை அதிகம் குழப்புவது. 40 நிமிடப் பாடம் ஒருவரிடமிருந்து 260 மெகாபைட்டாகவும் இன்னொருவரிடமிருந்து 5 ஜிகாபைட்டாகவும் வரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோப்பின் அளவைத் தீர்மானிப்பது நேரமும் பிட் வீதமும் மட்டுமே. வினாடிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதே பிட் வீதம். அதை வினாடிகளால் பெருக்கி, எட்டால் வகுத்தால் பைட் கணக்கு வந்துவிடும்.

கடிதம் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்ளலாம். காணொளி 800, ஒலி 64, ஆக வினாடிக்கு 864 கிலோபிட். எட்டால் வகுத்தால் 108 கிலோபைட். 40 நிமிடம் என்பது 2,400 வினாடி. பெருக்கினால் 259 மெகாபைட். கடிதத்தின் 300 என்ற வரம்பு இதற்கு மேல் கொஞ்சம் தாராளம் விட்டு வைத்தது. இதே கோப்பை விண்டோஸ் 247 மெகாபைட் என்று காட்டும். அது 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது என்பதைத் தவிர வேறு மர்மம் இல்லை.

கைபேசி தன் விருப்பப்படி `1920x1080` அளவில் பதிவு செய்யும்போது, எச்.264 முறையில் வினாடிக்கு 17 மெகாபிட் அளவுக்குச் செலவழிப்பது சாதாரணம். 40 நிமிடத்துக்கு அது 5.1 ஜிகாபைட். வினாடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள வீட்டு இணைப்பில் அதைப் பதிவேற்ற 5 மணி 40 நிமிடம் ஆகும். 259 மெகாபைட் கோப்புக்குப் பதினேழே கால் நிமிடம் போதும். பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்றால் அங்கே இன்னொரு சுவர். பல பென் டிரைவ்கள் இன்னமும் `FAT32` முறையில் இருக்கின்றன. அதில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 16 ஜிபி இடம் காலியாக இருந்தும், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று கணினி மறுத்துவிடும். `exFAT` முறையில் வடிவமைத்த டிரைவில் இந்தத் தடை இல்லை.

மாணவர் பக்கமும் கணக்கு உண்டு. நாளுக்கு 1.5 ஜிபி தரும் முன்கட்டணத் திட்டத்தில் 259 மெகாபைட் பாடங்கள் ஐந்தைப் பார்த்துவிடலாம். 5.1 ஜிபி பாடத்தில் பன்னிரண்டு நிமிடத்தைக்கூடப் பார்க்க முடியாது.

வினாடிக்கு 800 கிலோபிட்டில் படம் எப்படிப் பார்க்கும்படி இருக்கிறது என்பதுதான் இதில் உண்மையான வியப்பு. 1280×720 பிக்சல் கொண்ட ஒரு ஃபிரேமில் 9,21,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக ஒரு ஃபிரேம் 27.6 லட்சம் பைட். வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம் 40 நிமிடத்தை அப்படியே சேமித்தால் ஏறக்குறைய 199 ஜிகாபைட். ஆனால் 800 கிலோபிட்டில் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாகக் கிடைப்பது 3,300 பைட்தான். மூலத்தில் எண்ணூறில் ஒரு பங்கு.

சுருக்கத்தின் முதல் படி எளிது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகக் காணும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காணாது. ஆகவே நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் என்று வைத்துக்கொள்வார்கள். பாதி இடம் அங்கேயே மிச்சம். மற்ற மிச்சத்தில் பெரும்பங்கு, அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதிலிருந்து வருகிறது. எச்.264 சில வினாடிகளுக்கு ஒரு முறை ஒரு ஃபிரேமை முழுமையாக எழுதும். அடுத்து வருபவற்றில், 16×16 பிக்சல் கட்டங்களாகப் படத்தைப் பிரித்து, ‘இந்தக் கட்டம் முன்பு போலவே இருக்கிறது’, ‘இது மூன்று பிக்சல் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது’ என்ற குறிப்புகளையும் மீந்த வேறுபாட்டையும் மட்டும் எழுதும். கரும்பலகைப் பாடம் இந்த முறைக்கென்றே அமைந்த காட்சி. பலகை அசையாது, சுவர் அசையாது. ஆசிரியரின் கையும் முகமும், புதிதாக எழுதப்படும் கோடுகளும்தான் மாறுகின்றன. மின்தடையின் வளைந்து வளைந்து செல்லும் கோட்டை ஒருமுறை வரைந்து முடித்தபின், அது அழிக்கப்படும்வரை அதற்குப் புதிதாகச் செலவு அநேகமாக இல்லை.

முக்காலி வைக்கச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். கைபேசியைக் கையில் பிடித்துப் பதிவு செய்தால் எல்லாக் கட்டங்களும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் நகரும், சுழலும். ‘முன்பு போலவே’ என்று எழுத ஒரு கட்டமும் மிஞ்சாது. வகுப்பறையின் மின்விசிறி சட்டத்துக்குள் வந்துவிட்டாலும் இதே கேடு. அதன் இறக்கைகள் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே எங்கோ போய்விடுகின்றன. நகர்வைக் கணித்துச் சொல்ல வழியில்லை. கையிருப்பில் உள்ள 3,300 பைட்டில் பெரும்பங்கை விசிறி தின்றுவிட, மிச்சத்தில் சாக்பீஸ் எழுத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சாக்பீஸ் எழுத்தோ கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் திடீரெனத் தாவும் மெல்லிய விளிம்பு. பைட் பஞ்சம் வந்தால் முதலில் கலங்குவது இந்த விளிம்புகள்தான். `R₁` என்ற குறியீட்டின் கீழே இருக்கும் சிறிய 1 சாம்பல் திட்டாக மாறுகிறது. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது மாதிரி புள்ளிகள் தோன்றுகின்றன.

வெளிச்சக் குறைவு இன்னும் நயவஞ்சகமானது. இருட்டறையில் கைபேசியின் உணரி சமிக்ஞையைப் பெருக்கும்போது, படம் முழுவதும் மணல் தூவியது போன்ற இரைச்சல் ஏறுகிறது. அது ஃபிரேமுக்கு ஃபிரேம் தற்செயலாக மாறுவது. முந்தையதை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது. எதுவுமே அசையாத காட்சியும் கோடெக்கின் கணக்கில் முழுக்க அசையும் காட்சியாகிவிடும். ஜன்னலைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, விசிறி சட்டத்துக்கு வெளியே இருக்கும்படி கேமராவைத் தாழ்த்தி வைத்தால் அதே 259 மெகாபைட்டில் எழுத்து கூர்மையாக நிற்கும். எந்த மென்பொருள் அமைப்பும் தராத பலன் இது.

ஒலிக்கு ஒதுக்கிய 64 கிலோபிட், 40 நிமிடத்துக்கு 19 மெகாபைட் மட்டுமே. ஒற்றைத் தடமாகப் பதிவான பேச்சுக் குரலுக்கு ஏஏசி முறையில் அது தாராளம். அளவைக் குறைக்க வேண்டும் என்று ஒலியில் கைவைப்பவர் மிகக் குறைவாக மிச்சம் பிடித்து மிக அதிகமாக இழக்கிறார். படம் கொஞ்சம் மங்கினாலும் பாடம் புரியும். குரல் தெளிவில்லையென்றால் புரியாது.

மாற்றி எழுதும் வேலை

கைபேசியில் கிடந்த 5.1 ஜிபி கோப்பைக் கடிதம் கேட்ட உருவுக்குக் கொண்டுவர ஒரே கட்டளை போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலில் அது இப்படி:

```
ffmpeg -i VID_20240705_101532.mp4 -vf scale=-2:720 -r 30 -c:v libx264 -b:v 800k -c:a aac -ac 1 -b:a 64k -movflags +faststart 10A_SCI_U04_P02_2024-07-05_v1.mp4
```

`scale=-2:720` உயரத்தை 720 ஆக்கி, அகலத்தை விகிதம் கெடாமல் தானே கணக்கிடுகிறது. `-b:v`, `-b:a` இரண்டும் கடிதம் சொன்ன பிட் வீதங்கள். கடைசியில் உள்ள `+faststart`, முன்பு சொன்ன `moov` அட்டவணையைக் கோப்பின் வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவருகிறது. அட்டவணை தலையில் இருந்தால் மாணவர் தொட்ட சில வினாடிகளில் பாடம் ஓடத் தொடங்கும். வாலில் இருந்தால், சர்வரும் செயலியும் ஒத்துழைக்காத இடங்களில், முழுக் கோப்பும் இறங்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. அதில் `Fast 720p30` என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்து, `Web Optimized` பெட்டியில் குறியிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த அமைப்பு `Constant Quality` முறையில் இயங்கும். தரத்தை நிலையாக வைத்து அளவை அதன் போக்கில் விடும். அசையாத பாடம் 150 மெகாபைட்டில் முடியலாம். விசிறி சுழலும் பாடம் 500-ஐயும் தாண்டலாம். அளவுக்கு வரம்பு இருக்கும்போது `Avg Bitrate` என்பதற்கு மாறி 800 என்று இடுவதே பொருத்தம். ‘300 மெகாபைட்டுக்குள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிட் வீதத்தைச் சொல்லாத கடிதம் பாதிக் கடிதம்தான். அத்தகைய கடிதத்தைப் பெற்ற ஆசிரியர் கோப்பை ஜிப் செய்து பார்ப்பார். ஏற்கெனவே சுருங்கியதை ஜிப் மேலும் சுருக்காது. ஒரு சதவீதம் குறைந்தால் அதிகம்.

அடுத்து அவர் நாடுவது வாட்ஸ்அப். காணொளியாக அனுப்பினால் அந்தச் செயலி தன் விருப்பத்துக்குப் படத்தை மறுபடி சுருக்கிவிடும். அளவு குறையும், பலகையில் இருந்த எழுத்தும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்காது என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் அதைச் செய்பவர் குறைவு. கடிதம் வாட்ஸ்அப்பை அடியோடு விலக்குவது அதனால்தான். வந்த கோப்பு அந்த வழியாக வந்ததா என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் சேமிக்கும் காணொளியின் பெயர் `VID-20240705-WA0012.mp4` போல இருக்கும். நடுவில் உள்ள `WA` காட்டிக்கொடுத்துவிடும்.

மின்னஞ்சல் இணைப்பு மறுக்கப்படுவதற்குக் காரணம் வேறு. மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் சுமப்பதற்காக உருவானது. படக் கோப்பை அதில் ஏற்ற, ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்துகளாக மாற்ற வேண்டும். `Base64` என்பது அந்த மாற்றத்தின் பெயர். கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 25 மெகாபைட் வரம்புள்ள அஞ்சலில் உண்மையில் போகக்கூடியது 18 மெகாபைட் அளவுதான். மேலே சொன்ன பிட் வீதத்தில் அது மூன்று நிமிடப் பாடத்துக்குக்கூடக் காணாது.

பெயர்

`10A_SCI_U04_P02_2024-07-05_v1.mp4` என்பதைப் பிரித்துப் படித்தால்: பத்தாம் வகுப்பு அ பிரிவு, அறிவியல், நான்காம் அலகு, இரண்டாம் பதிவு, 2024 ஜூலை 5, முதல் வடிவம். வகுப்பு முதலில் வருவதால் ஒரே வகுப்பின் கோப்புகள் அடுத்தடுத்து நிற்கும். தேதியை முதலில் வைத்தால் எல்லா வகுப்புகளும் கலந்துவிடும். பள்ளி அலுவலகத்துக்கு அது ஏற்றது, மாணவருக்கு அல்ல.

எண்களுக்கு முன்னால் சுழியம் இடச் சொல்வது வரிசைக்காக. பல சர்வர்களும் நிரல்களும் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடும். அவற்றின் கண்ணில் `P10`, `P2`-க்கு முன்னால் வரும். ஒன்று என்ற எழுத்து இரண்டு என்ற எழுத்துக்கு முந்தியது அல்லவா! விண்டோஸின் கோப்புத் திரை எண்ணை எண்ணாகவே புரிந்து சரியாக அடுக்கிக் காட்டும். ஆசிரியரின் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த பட்டியல், சர்வருக்குப் போனதும் குலைவது இதனால். `P02`, `P10` என்றால் எங்கும் ஒரே வரிசை. ஆறாம் வகுப்பை `06A` என்று எழுதுவதும் இதே கணக்கு. ஆண்டு, மாதம், நாள் என்ற தேதி முறை ஐஎஸ்ஓ 8601 தரநிலையில் உள்ளது. எழுத்து வரிசையும் கால வரிசையும் அதில் ஒன்றாகிவிடும். `05-07-2024` என்பது ஜூலை 5-ஆ மே 7-ஆ என்ற ஐயமும் எழாது.

இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு இடுவது, இணைய முகவரியில் ஒவ்வோர் இடைவெளியும் `%20` என்று மாறி, பகிரும்போது இணைப்பு பாதியில் அறுந்துபோவதைத் தவிர்க்க. விண்டோஸ் பெயரில் ஏற்காத குறிகள் ஒன்பது:

```
\ / : * ? " < > |
```

‘பகுதி 1/2’ என்றும் ‘10:15 வகுப்பு’ என்றும் பெயரிட விரும்புவோர் இவற்றில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். அங்கே `10A_SCI` வேறு, `10a_sci` வேறு.

தமிழ்ப் பாடத்தின் கோப்புக்கு ஏன் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. பல கடிதங்கள் அதற்குப் பதில் சொல்லாமல் ஆங்கில எழுத்து மட்டும் என்று முடித்துக்கொள்கின்றன. தமிழில் பெயர் வைக்க முடியும், இன்றைய கருவிகள் எல்லாம் ஏற்கும். சிக்கல் யூனிகோடின் உள்ளே இருக்கிறது. ‘மின்னோட்டவியல்’ என்ற சொல்லைப் படிப்பவருக்கு அது எட்டு எழுத்து. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 14 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 42 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் `%E0` போல மூன்று எழுத்தாக விரிவதால் 126 எழுத்துகள். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் வழக்கமாக 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழில் ஒரு சிறு வாக்கியமே அதைத் தொட்டுவிடும். `U04` மூன்றே பைட்.

நீளமாவது கண்ணுக்குத் தெரியும் குறை. இன்னொன்று தெரியாது. அதே சொல்லில் வரும் ‘னோ’ என்ற எழுத்தை இரண்டு வகையில் எழுதலாம். ஓகாரத்துக்கு ஒற்றைக் குறியீடு உண்டு, `U+0BCB`. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டாலும், அதாவது `U+0BC7`, `U+0BBE` என்று அடுத்தடுத்து வந்தாலும், திரையில் அதே ‘னோ’ தோன்றும். முதல் வகையில் சொல் 42 பைட், இரண்டாவதில் 45 பைட். யூனிகோட் தரநிலை இரண்டையும் சமமாகக் கருதச் சொல்கிறது. ஆனால் பல கோப்பு முறைகள் பைட்டை மட்டும்தான் ஒப்பிடும். மாக் கணினிகள் முன்பு பயன்படுத்திய `HFS+` முறை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பும் கைபேசி விசைப்பலகையில் பெயரிட்ட கோப்பும் ஒரே கோப்புறையில் சேர்ந்தால், கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒன்றின் மேல் ஒன்றை எழுத நினைத்தாலும் நடக்காது.

எனவே தமிழ்த் தலைப்புக்குச் சரியான இடம் கோப்பின் பெயர் அல்ல, பதிவேட்டு அட்டவணை. ஒரு கட்டத்தில் `10A_SCI_U04_P02`, பக்கத்துக் கட்டத்தில் ‘மின்னோட்டவியல்: மின்தடைகளைத் தொடரிணைப்பில் இணைத்தல்’ என்று முழுத் தலைப்பையும் அங்கே எழுதலாம். மாணவர் பார்க்கும் பக்கத்தில் தோன்ற வேண்டியது இந்தத் தலைப்புதான். குறியீட்டுப் பெயர் கருவிகளுக்கானது. குறியீட்டைக் கொடுத்துவிட்டு அட்டவணை வைக்காத பள்ளியில், இரண்டு ஆண்டு கழித்து `U04` எந்தப் பாடம் என்று பாடநூலைப் புரட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். பாடநூலும் அதற்குள் மாறியிருக்கலாம்.

கடைசியில் நிற்கும் `v1`-க்கும் வேலை உண்டு. ஓம் விதியின் கணக்கில் அலகு தவறிவிட்டது என்று ஆசிரியர் திருத்திப் பதிவு செய்தால், புதியது `v2`. பழையதன் மேல் அதே பெயரில் எழுதினால், ஏற்கெனவே பதிவிறக்கிய மாணவரிடம் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. `final`, `final2`, `new_final` என்று பெயரிடும் பழக்கம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அவற்றில் எது கடைசி என்று வைத்தவருக்கே மறந்துபோகும்.

விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவது இங்கே ஒரு சிறு தொல்லை. `.mp4` கண்ணில் படாததால் ஆசிரியர் அதையும் தட்டச்சு செய்வார். கோப்பு `.mp4.mp4` என்று வந்து சேரும். ஓடுவதில் குறையில்லை, ஆனால் பெயரை வைத்துத் தானாகப் பிரித்து அடுக்கும் நிரல் அதை ஒதுக்கிவிடும். கோப்புத் திரையின் `View` பட்டியலில் `File name extensions` என்பதைக் குறியிட்டுவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

ஏற்றுவதற்கு முன் ஆசிரியர் பார்க்க வேண்டியவை சிலவே. கோப்பைத் திறந்து, நடுப்பகுதிக்கும் கடைசி நிமிடத்துக்கும் தாவ வேண்டும். இரண்டு இடத்திலும் படம் வந்து ஒலி உதட்டோடு ஒத்தால் `moov` அட்டவணை நலமாக இருக்கிறது. பலகையில் உள்ளதிலேயே சிறிய எழுத்தை ஒரு சாதாரணக் கைபேசித் திரையில் படித்துப் பார்க்க வேண்டும். அது படிக்க முடியவில்லையென்றால், 300 மெகாபைட் விதியைக் கடைப்பிடித்ததாலேயே அது நல்ல கோப்பு ஆகிவிடாது; வெளிச்சத்தைச் சரிசெய்து மறுபடி பதிவு செய்வதே வழி. அளவு, கோடெக், பெயர் மூன்றும் சரியென்றால் ஏற்றலாம்.

கைபேசியில் உள்ள மூலப் பதிவை ஒருங்கிணைப்பாளரின் பதில் வரும்வரை அழிக்கக் கூடாது. சுருக்கும்போது எறியப்பட்ட தகவல் சுருக்கிய பிரதியில் எங்கும் இல்லை. 259 மெகாபைட் கோப்பிலிருந்து 5.1 ஜிபி மூலத்தைத் திரும்பப் பெற எந்த மென்பொருளாலும் முடியாது.